அரிவாள் செல்: வலியும் சோகையும் எங்கிருந்து வருகின்றன?

ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அரிவாள் செல் நோய். அது இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதற்கு ஓர் எளிய பரிசோதனை உண்டு. சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் கரைசல் எடுத்துக்கொள்வார்கள். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் ஒரு துளியை அதில் விடுவார்கள். கரைசலில் இருக்கும் சோப்பு போன்ற ஒரு பொருள் சிவப்பணுக்களை உடைத்து, உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினை வெளியே விடும். டைதயோனைட் என்ற இன்னொரு பொருள் அந்த ஹீமோகுளோபினிடம் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து, கறுப்புக் கோடுகள் போட்ட வெள்ளை அட்டைக்கு முன்னால் குழாயைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சாதாரண ரத்தம் என்றால் நீர் சிவந்து தெளிவாக இருக்கும், பின்னால் உள்ள கோடுகளை எண்ணிவிடலாம். அரிவாள் ஹீமோகுளோபின் இருந்தால் குழாய் கலங்கிப்போய், கோடுகள் மறைந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சிவப்பணுக்கள் உடைந்துவிட்டன. அரிவாள் வடிவ அணு என்று எதுவுமே இப்போது குழாயில் இல்லை. ஆனாலும் கலங்கல் வருகிறது. அப்படியென்றால் கோளாறு அணுவின் வடிவத்தில் இல்லை, அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபினில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் போனதும் அந்த ஹீமோகுளோபின் நீரில் கரைந்து நிற்க மறுக்கிறது. வளைந்த வடிவம் அதன் விளைவு மட்டுமே. இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிவிடும்.

ஹீமோகுளோபின் என்பது நான்கு புரதச் சங்கிலிகள் மடிந்து ஒன்றுசேர்ந்த உருண்டை. அவற்றில் இரண்டு ஆல்பா சங்கிலிகள், இரண்டு பீட்டா சங்கிலிகள். ஆல்பாவில் 141 அமினோ அமிலங்கள், பீட்டாவில் 146. மொத்தம் கூட்டினால் 574. ஒவ்வொரு சங்கிலியும் ஓர் இரும்பு அணுவைச் சுமக்கிறது, ஒவ்வோர் இரும்பும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு சிவப்பணுவுக்குள் இப்படி ஏறத்தாழ 27 கோடி ஹீமோகுளோபின்கள் இருக்கின்றன. அணுவின் உள்ளே நூற்றில் முப்பத்து மூன்று பங்குக்கு ஹீமோகுளோபின்தான். திருவிழாக் கூட்டம் போன்ற நெரிசல் அது. இவ்வளவு நெருக்கத்திலும் ஒன்றோடொன்று ஒட்டாமல், வழுக்கி வழுக்கி நகர்ந்துகொண்டே இருப்பதுதான் நல்ல ஹீமோகுளோபினின் சிறப்பு. அதனால்தான் நம் சிவப்பணு, தன்னைவிடக் குறுகலான தந்துகி என்ற மயிரிழை ரத்தக்குழாய்க்குள்ளும் மடங்கி நெளிந்து போய்விடுகிறது. அதன் அகலம் ஏழெட்டு மைக்ரோமீட்டர், மெல்லிய தந்துகிகளின் வாய் ஐந்து மைக்ரோமீட்டர்கூட இருக்காது.

அரிவாள் செல் நோயில் மாறியிருப்பது பீட்டா சங்கிலியின் ஆறாவது இடம் மட்டும்தான். அங்கே குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும், அதற்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்திருக்கிறது. பதினொன்றாவது குரோமோசோமில் உள்ள பீட்டா மரபணுவில் ஓர் எழுத்து மாறியதால் வந்த மாற்றம் இது. உருண்டைக்கு இரண்டு பீட்டா என்பதால், 574 இடங்களில் இரண்டு இடங்கள். 1949-இல் லினஸ் பாலிங்கும் அவருடைய சகாக்களும் இந்த நோயாளிகளின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு வேகத்தில் நகர்கிறது என்று காட்டினார்கள். ஒரு நோயின் வேர் ஒரு மூலக்கூறில் இருக்கிறது என்று அப்படித் துல்லியமாகக் காட்டியது அதுவே முதல் முறை. எந்த இடத்தில், எது மாறியிருக்கிறது என்பதை 1956, 57-இல் வெர்னான் இன்கிராம் கண்டுபிடித்தார்.

சரி, ஒரு அமினோ அமிலம் மாறினால் என்ன? குளூட்டாமிக் அமிலத்துக்கு எதிர்மின்னூட்டம் உண்டு. நீரோடு அது நன்றாகப் பழகும். உருண்டையின் மேற்பரப்பில் அது இருப்பது இயல்பு, ஏனென்றால் மேற்பரப்புதான் நீரைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. வேலினுக்கு மின்னூட்டம் கிடையாது. அது எண்ணெய்த் தன்மை கொண்டது, நீரிலிருந்து ஒதுங்கப் பார்க்கும். ரசத்தின் மேல் மிதக்கும் எண்ணெய்த் துளிகளைக் கவனித்திருப்பீர்கள். இரண்டு துளிகள் அருகே வந்தால் சட்டென்று ஒன்றாகிவிடும். நீரை விட்டு விலக அவற்றுக்கு இருக்கும் வழி அதுதான். ஹீமோகுளோபின் உருண்டையின் வெளிப்புறத்தில் இப்படி ஓர் எண்ணெய்ப்பொட்டு முளைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கொள்ள இன்னோர் எண்ணெய்ப்பொட்டை அது தேடிக்கொண்டே இருக்கும்.

அந்த இன்னோர் இடம் எப்போதும் கிடைப்பதில்லை. ஹீமோகுளோபினுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஆக்சிஜனைப் பிடித்திருக்கும்போது ஒரு வடிவம், இறக்கிவிட்ட பிறகு கொஞ்சம் முறுக்கிக்கொண்ட இன்னொரு வடிவம். இந்த இரண்டாவது வடிவத்தில்தான் பீட்டா சங்கிலியின் பக்கவாட்டில் சிறு பள்ளம் ஒன்று சரியான வாகில் திறக்கிறது. அந்தப் பள்ளத்தின் சுவர்களும் எண்ணெய்த் தன்மை கொண்டவை. ஓர் உருண்டையின் வேலின், பக்கத்து உருண்டையின் பள்ளத்தில் அச்சாகப் பொருந்திவிடும். அந்த உருண்டையின் வேலின் அடுத்ததன் பள்ளத்தில். இப்படியே கோத்துக்கொண்டு போனால் ஒரு சரம் உண்டாகிறது. பதினான்கு சரங்கள் முறுக்கிக்கொண்டு ஒரு கயிறாகின்றன. கயிறுகள் பக்கம் பக்கமாக அடுக்கி, அணுவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விறைத்து நீண்டு, மெல்லிய தோலை உள்ளிருந்து தள்ளுகின்றன. கூடாரத்துக்குள் கம்புகளைச் செருகினால் துணி எப்படி இழுபட்டு நிற்குமோ, அப்படி அணு நீண்டு வளைந்து நிற்கிறது. குழாயில் கோடுகளை மறைத்த கலங்கலும் இந்தக் கயிறுகள்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரிவாள் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கத் தெரியாத ஹீமோகுளோபின் இல்லை. நுரையீரலில் நன்றாகவே ஏற்றிக்கொள்கிறது, திசுக்களில் கேட்பதற்கு முன்பே இறக்கிக் கொடுக்கிறது. இறக்கிய பிறகு அது என்ன ஆகிறது என்பதில்தான் சிக்கல்.

இப்போது பலரும் கேட்கும் கேள்வி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் எல்லாச் சிவப்பணுக்களும் ஆக்சிஜனை இறக்கத்தான் செய்கின்றன. அப்படியானால் அரிவாள் செல் நோயாளிக்கு நொடிக்கு நொடி எல்லா அணுக்களும் வளைந்து, எல்லா ரத்தக்குழாய்களும் அடைத்துக்கொள்ள வேண்டுமே? பெரும்பாலான நாட்கள் அவர்கள் ஏன் நடமாடிக்கொண்டு இருக்கிறார்கள்?

பதில், நேரம். கல்கண்டு காய்ச்சியவர்களுக்கு இது தெரியும். கெட்டியான சர்க்கரைப் பாகை ஆற வைத்தால் உடனே படிகம் விழாது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். எங்கோ ஓரிடத்தில் ஒரு சிறு விதை உருவானதும், அதைச் சுற்றி மளமளவென்று படிகம் வளரும். அரிவாள் ஹீமோகுளோபினும் அப்படித்தான். ஆக்சிஜன் போனவுடன் கயிறு திரிந்துவிடாது. சில உருண்டைகள் தற்செயலாக ஒன்றுசேர்ந்து ஒரு விதை ஆக வேண்டும். அதுவரை ஒரு தாமதம். விதை உண்டாகிவிட்டால் அதன் பிறகு தாமதமே இல்லை.

ஓய்வாக இருக்கும் ஒருவரின் ரத்தம் உடலை ஒரு சுற்றுச் சுற்றி வர ஏறத்தாழ ஒரு நிமிடம் ஆகிறது. அதில் தந்துகிக்குள் ஓர் அணு இருப்பது ஓரிரு நொடிகள்தான். அப்புறம் அகலமான சிரைகள், இதயம், நுரையீரல். அங்கே ஆக்சிஜன் ஏறியதும் பள்ளம் மூடிக்கொள்ளும், விதைகளும் கரைந்துவிடும். தாமத நேரம் முடிவதற்குள் நுரையீரலை எட்டிவிட்ட அணு தப்பித்தது. குறுகலான இடத்தைத் தாண்டி, சிரையில் போகும்போது வளைந்தாலும் பெரிய கெடுதல் இல்லை. தந்துகிக்குள்ளோ அதை ஒட்டிய குறுஞ்சிரையின் வாயிலோ இருக்கும்போது வளைந்துவிட்டால்தான் ஆபத்து. ஆகவே இந்த நோயாளியின் உடலில் ஒவ்வொரு சுற்றும் ஒரு பந்தயம்: கயிறு திரிவதற்குள் அணு வெளியே வந்துவிடுமா, வராதா?

இந்தத் தாமத நேரத்தை எது நீட்டுகிறது, எது குறைக்கிறது என்பதுதான் நோயின் முழுக்கதையும். எல்லாவற்றையும்விட அதிகம் பாதிப்பது அணுவுக்குள் ஹீமோகுளோபின் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பது. ஆய்வகத்தில் அளந்தபோது, நெருக்கம் கூடக் கூடத் தாமதம் அதன் முப்பதாவது அடுக்கை ஒட்டிக் குறைவது தெரிந்தது. எளிமையாகச் சொன்னால், அணு கொஞ்சம் நீரை இழந்து நெருக்கம் நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடினால், பந்தயத்துக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகாது, பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தண்ணீர் குடிக்காத ஒரு பகல்பொழுது ஏன் ஒருவரை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதற்கு விடை அந்த முப்பதாவது அடுக்கில் இருக்கிறது.

ஓர் உதாரணத்தை அடிக்கு அடி பார்ப்போம். இந்த நோய் நீலகிரியில் இருப்பது புதிய செய்தி இல்லை. 1952-இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் ஹீமோகுளோபின் இருப்பதைப் பதிவு செய்தார்கள். இந்தியாவில் இதுபற்றி வந்த முதல் பதிவுகளில் அது ஒன்று. ஆகவே கூடலூர்ப் பக்கத்தில் ஓர் இருபது வயதுப் பையனைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்திருக்கிறது. அவனுடைய ஹீமோகுளோபின் ஏறத்தாழ முழுக்க அரிவாள் வகை. அளவு 7 கிராம், அவனுக்கு அது வழக்கமான எண். ஜனவரி மாதம் உதகையில் ஒரு கட்டட வேலைக்குப் போகிறான்.

உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் கடலோரத்தைவிடக் கால்பங்கு குறைவு. நுரையீரலிலேயே கொஞ்சம் ஹீமோகுளோபின் ஆக்சிஜன் ஏறாமல் கிளம்புகிறது, பந்தயத்தைப் பாதிவழியிலிருந்து தொடங்குகிறது. பனிக்குளிரில் தோலுக்கும் கைகால்களுக்கும் போகும் குழாய்கள் சுருங்குகின்றன, ஓட்டம் மெதுவாகிறது. ஓரிரு நொடியில் தாண்ட வேண்டிய இடத்தை அணுக்கள் மூன்று நான்கு நொடியில் தாண்டுகின்றன. குளிரில் தாகம் எடுக்காததால் காலையில் குடித்த ஒரு டம்ளர் டீயோடு மாலைவரை மண் சுமக்கிறான். சாதாரணமாக உடலில் நீர் குறைந்தால் சிறுநீரகம் சிறுநீரைக் கெட்டியாக்கி நீரை மிச்சம் பிடிக்கும். அவனுடைய சிறுநீரகத்தின் உட்பகுதியில் பல வருடமாக அரிவாள் அணுக்கள் செய்த சேதத்தால் அதற்கு அந்தத் திறமை போய்விட்டது. சிறுநீர் தண்ணியாகவே போகிறது. ரத்தம் வற்றுகிறது, அணுக்களும் வற்றுகின்றன, தாமத நேரம் சரிகிறது. இதற்கு நடுவே லேசான சளிக்காய்ச்சல். தொற்று வந்ததும் வெள்ளணுக்கள் விழித்துக்கொண்டு குறுஞ்சிரைகளின் சுவரில் ஒட்டுகின்றன. வழியை மறித்து நிற்பவர்கள் முதலில் இவர்கள்தான். அவர்களுக்குப் பின்னால் வரும் சிவப்பணுக்கள் தயங்கி நிற்கின்றன, நிற்கும்போதே ஆக்சிஜன் தீர்கிறது, தீர்ந்ததும் வளைகின்றன.

வளைந்தவை வழியை அடைக்கின்றன. அடைபட்ட இடத்துக்குப் பின்னால் ஓட்டம் இன்னும் மெதுவாகிறது. அதனால் இன்னும் பல அணுக்கள் பந்தயத்தில் தோற்கின்றன. இந்தச் சங்கிலி எலும்பு மஜ்ஜையில் தொடங்குவது அதிகம். அங்கே குழாய்கள் வளைந்து நெளிந்தவை, ஓட்டம் எப்போதுமே மந்தம். அதோடு மஜ்ஜை எலும்புக்குள் அடைபட்டிருக்கிறது. ரத்தம் கிடைக்காமல் திசு வாடி வீங்கும்போது விரிய இடம் இல்லை, அழுத்தம் ஏறுகிறது. அன்று இரவு அவனுடைய தொடையெலும்புக்குள்ளும் முதுகுத்தண்டிலும் எழும் வலி அந்த அழுத்தமும், பட்டினி கிடக்கும் திசு கக்கும் ரசாயனங்களும் சேர்ந்தது. எலும்பு முறிந்ததைவிட அதிகமாக வலிக்கிறது என்று நோயாளிகள் சொல்வதுண்டு. அது மிகைப்படுத்திய பேச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் அவனுடைய அம்மா சொல்வாள்: "எங்கயும் அடிபடலை டாக்டர், நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்தான்." காலைத் தொட்டுப் பார்த்தால் வீக்கம் பெரிதாக இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அதே 7 ஆக இருக்கலாம். வலி நெருக்கடியை உறுதிசெய்யும் ரத்தப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது. நோயாளி சொல்வதுதான் ஆதாரம். இது தெரியாதவர்கள் பையன் நடிக்கிறான், ஊசிக்குப் பழகிவிட்டான் என்று நினைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், இந்த நோயில் நடக்கும் மிகப் பெரிய அநியாயம் அதுதான். வலிக்குத் தேவையான மருந்தைத் தாமதிக்காமல், தேவைப்பட்டால் மார்ஃபின்வரை கொடுக்க வேண்டும். நீரிழப்பைச் சரிசெய்ய வேண்டும். உடம்பைக் கதகதப்பாக வைத்து, காய்ச்சலுக்கு என்ன காரணம் என்று தேட வேண்டும். நெஞ்சுவலியோடு இருமலும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால் கதை மாறுகிறது. அடைப்பு நுரையீரலுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். ஆக்சிஜன் ஏறும் இடமே அடைபட்டால் உடம்பு முழுவதும் பந்தயம் தோற்கும். அப்போது ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

இனி சோகைக்கு வருவோம். பந்தயத்தில் ஜெயித்த அணுக்கள் சேதமில்லாமல் தப்பிக்கவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கயிறு திரிந்து, நுரையீரலில் அவிழ்ந்து, மறுபடி திரிகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அணுவின் தோல் இப்படித்தான் அலுத்துப்போகிறது. ஒவ்வொரு முறை இழுபடும்போதும் கால்சியம் உள்ளே கசிகிறது. அது ஒரு வாயிலைத் திறந்துவிட, பொட்டாசியமும் அதோடு நீரும் வெளியேறுகின்றன. நீர் போனால் நெருக்கம் கூடும், நெருக்கம் கூடினால் அடுத்த சுற்றில் இன்னும் சீக்கிரம் வளையும். கடைசியில் ஆக்சிஜன் நிறைய இருந்தாலும் நிமிராத நிலை வருகிறது. உள்ளே கயிறு அவிழ்ந்துவிட்டது, தோல் அந்த வடிவத்திலேயே விறைத்துப்போய்விட்டது. நுண்ணோக்கியில் சாதாரண ஸ்லைடில் நாம் பார்க்கும் பிறைகள் இந்த மீளாத அணுக்கள்தான். அவற்றின் எண்ணிக்கையை வைத்து வலி எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வலியை உண்டாக்குவது அவை மட்டும் இல்லை, நல்ல உருவத்தோடு தந்துகிக்குள் போய் அங்கே வளைகிற அணுக்களும்தான்.

விறைத்த அணுக்களை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள துப்புரவு அணுக்கள் பிடித்து விழுங்கிவிடுகின்றன. சில அணுக்கள் ஓடும் ரத்தத்திலேயே உடைகின்றன. விளைவு, 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் போய்விடுகிறது.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தால் நன்றாக விளங்கும். ஒரு தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது ஒரு நாளைக்கு எவ்வளவு விழுகிறது, விழுந்தது எத்தனை நாள் தங்குகிறது என்ற இரண்டையும் பெருக்கினால் வருவது. ஆரோக்கியமானவரின் மஜ்ஜை ஒரு நாளைக்கு ஒரு பங்கு அணுக்களைத் தயாரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் 120 நாள் தங்குகிறது, எப்போது பார்த்தாலும் ரத்தத்தில் 120 பங்கு இருக்கும். அதுவே 14 கிராம் ஹீமோகுளோபின் என்று கொள்வோம். நம் பையனின் அணு 15 நாள்தான் தங்குகிறது. மஜ்ஜை அதே வேகத்தில் வேலை செய்திருந்தால் அவனிடம் 15 பங்குதான் இருந்திருக்கும், அதாவது இரண்டு கிராமுக்கும் கீழே. அவன் உயிரோடு இருக்க முடியாது. ஆனால் மஜ்ஜை கைகட்டிக்கொண்டு இருப்பதில்லை. அது நான்கு மடங்கு வேகமாகத் தயாரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நான்கைப் பதினைந்தால் பெருக்க 60 பங்கு. 120-இல் பாதி. 14-இல் பாதி 7. அவனுடைய வழக்கமான எண் இங்கேயிருந்துதான் வருகிறது.

ஆகவே இந்தச் சோகை, சத்துக் குறைவால் வரும் சோகை இல்லை. இரும்பு இல்லாமல் அணு தயாராகாமல் போனதால் வந்ததும் இல்லை. தயாரிப்பு பல மடங்கு நடக்கிறது, உடைப்பு அதை மிஞ்சுகிறது. இங்கேதான் அடிக்கடி ஒரு தவறு நடக்கிறது. வெளிறிய முகத்தையும் 7 என்ற எண்ணையும் பார்த்ததும் இரும்புச்சத்து மாத்திரை எழுதிவிடுகிறார்கள். உடைந்த அணுவின் இரும்பு உடம்பை விட்டுப் பெரும்பாலும் போவதில்லை, மறுபடி பயன்படத்தான் போகிறது. ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடம் இரும்பு ஏற்கனவே மிஞ்சியிருக்கும். பரிசோதனையில் இரும்பு குறைவு என்று தெரிந்தால் மட்டும் கொடுக்கலாம். வேகமாக அணு தயாரிக்கும் மஜ்ஜைக்குத் தேவைப்படுவது ஃபோலிக் அமிலம், அதைத்தான் வழக்கமாகக் கொடுப்பார்கள்.

இரண்டு சோகைகளையும் பிரித்தறிய வழி உண்டு. அரிவாள் செல் சோகையில் கண்ணின் வெள்ளை விழி லேசாக மஞ்சளிக்கும், ஏனென்றால் உடைந்த ஹீமோகுளோபினிலிருந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் வருகிறது. அது பித்தநீரில் அதிகமாகச் சேர்ந்து, சின்ன வயதிலேயே பித்தப்பையில் கற்கள் உருவாகும். பதினைந்து வயதில் பித்தப்பைக் கல் என்றால் ஒரு நல்ல டாக்டர் உடனே சிவப்பணு உடைகிறதா என்று யோசிப்பார். ரத்தத்தில் ரெட்டிக்குலோசைட் எனப்படும் இளம் சிவப்பணுக்கள் அதிகமாக இருக்கும். மஜ்ஜை அவசர அவசரமாக அனுப்பிய புதுவரவுகள் அவை. இரும்புக் குறைவுச் சோகையில் இந்த இரண்டும் இருக்காது.

அந்த இளம் அணுக்களைப் பற்றி இன்னொன்று. பக்குவப்படுமுன் அனுப்பப்படும் அவற்றின் தோலில் ஒட்டும் மூலக்கூறுகள் இன்னும் மிச்சம் இருக்கும். குறுஞ்சிரையின் சுவரில் அவை எளிதாக ஒட்டிக்கொள்கின்றன. உதகையில் வெள்ளணுக்களோடு சேர்ந்து வழியை மறித்தவற்றில் இவையும் உண்டு. ரத்தக்குழாய்க்குள்ளேயே உடைந்த அணுக்களிலிருந்து கொட்டிய ஹீமோகுளோபினும் சும்மா இருப்பதில்லை. குழாய்களைத் தளர்த்திவைக்கும் நைட்ரிக் ஆக்சைடை அது தின்றுவிடுகிறது, குழாய்கள் இறுகுகின்றன. சோகை வலியை வளர்க்கிறது என்பது இப்படித்தான். இரண்டும் வெவ்வேறு தொல்லைகள் என்று எழுதும் பாடநூல் அட்டவணைகள் இந்த இணைப்பை மறைத்துவிடுகின்றன.

அப்படியென்றால் ரத்தம் ஏற்றி ஹீமோகுளோபினை உயர்த்தினால் வலி நின்றுவிடுமா? வெறும் வலிக்காக ரத்தம் ஏற்றுவது வழக்கம் இல்லை. ரத்தத்தில் அணுக்கள் குறைவாக இருப்பதால்தான் அது நீர்த்து, குறுகலான இடங்களில் ஓடுகிறது. இந்த நோயாளிகளிடையே ஹீமோகுளோபின் சற்று உயர்வாக இருப்பவர்களுக்கு வலி நெருக்கடி அடிக்கடி வருவதைக் கண்டிருக்கிறார்கள். 7 கிராமோடு நடமாடும் அந்தப் பையனுக்கு, அவன் உடம்பு அந்த எண்ணோடு ஒரு சமரசம் செய்து வைத்திருக்கிறது. ஆக்சிஜனைத் தாராளமாக இறக்கித் தரும் ஹீமோகுளோபினும், வேகமாக அடிக்கும் இதயமும் ஈடுகட்டுகின்றன. எண்ணை 10-க்கு மேல் தள்ளினால் ரத்தம் கெட்டிப்பட்டு அடைப்புக்கு வழிவிடும்.

அந்த எண் திடீரென்று சரியும்போது மட்டும் விஷயம் வேறு. பார்வோ பி19 என்ற ஒரு வைரஸ் உண்டு. குழந்தைகளுக்குக் கன்னம் சிவந்து காய்ச்சல் வரும், தானே போய்விடும். அந்த வைரஸ் மஜ்ஜையில் உள்ள சிவப்பணுத் தாய் அணுக்களைத் தாக்கி, ஒரு வாரம் பத்து நாள் தயாரிப்பை நிறுத்திவிடும். நமக்கு அது தெரியக்கூடத் தெரியாது: 120 நாள் இருப்பில் பத்து நாள் வரவு நின்றால் நூற்றுக்கு எட்டுப் பங்குதான் குறையும். 15 நாள் இருப்பை வைத்திருக்கும் பையனுக்கு அதே பத்து நாளில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். 7 இருந்தது மூன்றுக்கு வந்து நிற்கும். இப்போது ரத்தம் ஏற்றித்தான் ஆக வேண்டும். இது உடைப்பு கூடியதால் வந்ததா, தயாரிப்பு நின்றதால் வந்ததா என்பதை இளம் சிவப்பணுக்களின் எண்ணிக்கையே சொல்லிவிடும், பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் தயாரிப்பு நின்றிருக்கிறது. சின்னக் குழந்தைகளுக்கு இன்னொரு சரிவும் உண்டு. மண்ணீரலின் வாசல் அடைபட்டு, உள்ளே போன ரத்தம் வெளிவராமல் தேங்கும். சில மணி நேரத்தில் குழந்தை வெளிறி, சோர்ந்து, இடது விலாவுக்குக் கீழே வயிறு புடைத்துவிடும். விலாவுக்குக் கீழே கை வைத்து மண்ணீரலைத் தொட்டுப் பார்க்கத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான். முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தால் அன்று இரவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

இவ்வளவு நேரமும் தாமத நேரத்தைக் குறைப்பவற்றைப் பேசினோம். அதை நீட்டுகிற ஒன்று இயற்கையிலேயே இருக்கிறது. கருவில் இருக்கும்போது நம் ஹீமோகுளோபினில் பெரும்பாலானவற்றில் பீட்டா சங்கிலி கிடையாது. அந்த இடத்தில் காமா சங்கிலி இருக்கிறது. அந்தக் கரு ஹீமோகுளோபின் கயிற்றில் சேராது. சரத்தின் நடுவே வந்து நின்றால் சரம் அங்கேயே அறுபடும். நெருக்கமும் அந்த அளவுக்கு நீர்க்கிறது. முப்பதாவது அடுக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: அரிவாள் ஹீமோகுளோபின் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே பந்தயத்துக்கு எவ்வளவோ நேரம் கிடைத்துவிடும். மரபணு இரண்டும் மாறிய குழந்தை பிறந்து முதல் சில மாதங்கள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் வளர்வது இதனால்தான். ஆறு மாதம் ஆகும்போது காமா போய் பீட்டா வந்துவிடும். அப்போது ஒரு நாள் குழந்தையின் கைவிரல்களும் பாதங்களும் வீங்கிக்கொள்ளும், தொட்டாலே வீறிட்டு அழும். பெற்றோர் பூச்சி கடித்திருக்கும் என்று நினைப்பார்கள். பல குழந்தைகளுக்கு அதுவே முதல் வலி நெருக்கடி.

ஹைட்ராக்சியூரியா என்ற மருந்து மூடிப்போன அந்தக் காமா வாயிலை ஓரளவு மறுபடி திறக்கிறது. 1995-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் பெரியவர்களிடம் வலி நெருக்கடிகளை ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. தினமும் விழுங்கும் காப்ஸ்யூல்தான். உள்ளே இருக்கும் வேலினை அது மாற்றுவதில்லை. கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது, சிவப்பணுக்களைப் பெரிதாக்கி உள்ளே நெரிசலைத் தளர்த்துகிறது, ஒட்டிக்கொள்ளும் வெள்ளணுக்களையும் குறைக்கிறது. பந்தயத்தில் மூன்று பக்கமும் நேரம் வாங்கித் தருகிறது. ஆனால் வலி வந்த பிறகு போட்டுக்கொள்ளும் மருந்து அல்ல. பலன் தெரிய மாதங்கள் ஆகும். வெள்ளணுக்கள் அதிகமாகக் குறையாமல் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வலி இல்லாத மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி வலியோடு வருபவர்களைப் பார்க்கும்போது, வலி இல்லாமல் போனதே அந்த மாத்திரையால்தான் என்று ஒருவர் உட்கார்ந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று ஆதங்கமாக இருக்கும். 2023 கடைசியில் பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதித்த மரபணுத் திருத்தச் சிகிச்சையும் இதே காமாவைத்தான் எழுப்புகிறது. நோயாளியின் மஜ்ஜை அணுக்களை வெளியே எடுத்து, காமாவை அடக்கிவைக்கும் ஸ்விட்சை வெட்டிவிட்டுத் திருப்பிச் செலுத்துகிறார்கள்.

ஒரே ஒரு மரபணு மட்டும் மாறியவர்களைக் கடத்திகள் என்கிறோம். அவர்களுடைய அணுவில் அரிவாள் வகை நூற்றில் நாற்பது பங்கு, மிச்சம் நல்ல ஹீமோகுளோபின். நல்லது சரத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால் சாதாரண வாழ்க்கையில் தாமதம் போதுமான அளவு நீளம், அணுக்கள் எப்போதும் ஜெயிக்கின்றன. வலியும் இல்லை, சோகையும் இல்லை. கடத்திக்குச் சோகை இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். இரும்புக் குறைவாகவே இருக்கலாம். கடத்திகள் இருவர் மணந்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு.

கடைசியாக, மறுபடி அந்தக் கண்ணாடிக் குழாய்க்கு வருகிறேன். கடத்தியின் ரத்தத்தை விட்டாலும் குழாய் கலங்கும், நோயாளியின் ரத்தத்தை விட்டாலும் கலங்கும். கோடுகள் மறைந்ததைப் பார்த்து இது நோய் என்று யாரும் முடிவு கட்டக் கூடாது. எந்த ஹீமோகுளோபின் எத்தனை பங்கு இருக்கிறது என்று பிரித்து அளக்கும் ஹெச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோஃபோரசிஸ் செய்துதான் சொல்ல வேண்டும். பிறந்த குழந்தையிடம் தவறு எதிர்ப்பக்கமாக நடக்கும். அதன் ரத்தத்தில் பெரும்பங்கு கரு ஹீமோகுளோபின் என்பதால், இரண்டு மரபணுவும் மாறிய குழந்தையாக இருந்தாலும் குழாய் தெளிவாகவே நிற்கும், கோடுகள் பளிச்சென்று தெரியும். குதிகாலில் குத்தி எடுத்த ஒரு துளியை ஹெச்பிஎல்சிக்கு அனுப்பினால்தான் உண்மை தெரியும்.